மனம் மாறும் இரண்டே முக்கால் நிமிடம்: ஒரு காட்சிக்கு லென்ஸும் டிராலியும் தேர்ந்த பதிவு

காட்சி எளியது. ஒரு மேசை, எதிரெதிரே அக்காவும் தம்பியும். இருவரும் வளர்ந்த வீட்டை விற்பதற்குத் தம்பி அவளிடம் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான். அதை நேராகச் சொல்ல வாய் வராமல், "அந்த வீட்ல இப்ப யாரும் இல்லேல்லக்கா" என்று சுற்றிச் சுற்றி வருகிறான். அக்கா முதலில் நிம்மதியாக இருக்கிறாள், பிறகு சந்தேகப்படுகிறாள், பிறகு தனித்துப் போகிறாள், கடைசியில் ஒரு முடிவுக்கு வருகிறாள். மொத்தம் 2 நிமிடம் 45 விநாடி. அவளுக்கு வசனம் மிகக் குறைவு. ஆகவே அவளுக்குள் நடப்பதைக் கேமராதான் பாதிக்கு மேல் சுமக்க வேண்டும்.

இதை இரண்டு முறை படமாக்க வேண்டியிருந்தது. முதல் முறை தோற்றது, இரண்டாம் முறை நின்றது. இரண்டு முறையும் அதே நடிகர்கள், அதே அறை. மாறியவை பெரும்பாலும் லென்ஸ், தூரம், நகர்வு என்பதால், எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா சூப்பர் 35 சென்சார் கொண்டது, அகலம் ஏறக்குறைய 25 மிமீ. லென்ஸ்கள் 25, 35, 50, 85 மிமீ பிளாக் லென்ஸ்கள், அதாவது குவியத்தூரம் மாறாதவை, கூடவே அதை மாற்றக்கூடிய ஒரு ஸூம். அறையின் நீளம் 5.5 மீட்டர். அக்கா உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பின்சுவர் 2.5 மீட்டர், முன்சுவர் 3 மீட்டர். பின்சுவரில் 90 செமீ அகலக் கதவு ஒன்று. அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே முகத்துக்கு முகம் 1.2 மீட்டர்.

முதல் திட்டமும் அது தோற்ற விதமும்

நான்கு மனநிலைக்கு நான்கு உத்தி என்று பிரித்துக்கொண்டோம். நிம்மதிக்கு 35 மிமீ லென்ஸில், கேமராவைத் தண்டவாள வண்டியில் தள்ளும் பக்கவாட்டு டிராலி. சந்தேகத்துக்கு 50 மிமீ லென்ஸில், கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும் ஹேண்ட்ஹெல்ட். அதிர்ச்சிக்கு, டிராலி முன்னே போகப் போக ஸூம் பின்வாங்கும் டாலி ஸூம். முடிவுக்கு 85 மிமீ லென்ஸில் மெதுவாக நெருங்குதல். காகிதத்தில் அழகாக இருந்தது. 11 முறை கேமராவை இடம் மாற்றி, ஒன்பது மணி நேரத்தில் எடுத்து முடித்தோம்.

வெட்டிச் சேர்த்த காட்சியை ஒலியை அணைத்துவிட்டு, கதை தெரியாத மூவரிடம் போட்டுக் காட்டினோம். கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பெண் எந்த இடத்தில் மாறுகிறாள்? மூவரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள். மூன்றுமே கேமரா பாணி மாறிய இடங்கள். அவள் மாறிய இடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் லென்ஸ், தூரம், உயரம், நகர்வு ஆகிய நான்கையும் ஒருசேர மாற்றியிருந்தோம். எல்லாமே மாறும்போது, மாற்றம் அவளுடையதா கேமராவுடையதா என்று கண்ணால் பிரிக்க முடிவதில்லை. அதற்கும் மேல், முதல் ஷாட்டிலேயே டிராலி ஓடிக்கொண்டிருந்ததால், பின்னால் வந்த எந்த நகர்வும் புதிதாகத் தெரியவில்லை. நகர்வுக்கு அர்த்தம் வர வேண்டுமானால் அதற்கு முன்னால் நகராமல் இருந்திருக்க வேண்டும்.

டாலி ஸூமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் முகத்தின் அளவு மாறாமல் இருக்க, தூரமும் லென்ஸின் மிமீ எண்ணான குவியத்தூரமும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். 50 மிமீ லென்ஸில் 1.2 மீட்டரில் தொடங்கினால் 25 மிமீ வரும்போது 60 செமீயில் இருக்க வேண்டும். எங்கள் ஸூம் வளையத்தைத் திருப்பியவரும் டிராலி தள்ளியவரும் ஒன்பதாவது டேக்கில்தான் சேர்ந்து வந்தார்கள். கணக்குப்படி எல்லாம் சரியாக வந்த அந்த டேக்கில், பார்ப்பவர் கண் முகத்தை விட்டுவிட்டு, விரியும் சுவருக்குப் போய்விட்டது. தலைசுற்றலோ திடீர்ப் பயமோ உள்ள பாத்திரத்துக்கு அது சரி. இந்தப் பெண்ணுக்கு உலகம் சுழலவில்லை. தம்பி அவளை விட்டு விலகிப் போகிறான், அவ்வளவுதான். உத்தி தவறில்லை, உணர்ச்சி வேறு.

தரையில் டேப் ஒட்டிச் செய்த சோதனை

இரண்டாம் சுற்றுக்கு முன் நடிகர்களைக் கூப்பிடவில்லை. அக்காவின் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, நான்கு லென்ஸிலும் முகத்தை ஒரே அளவில் வைத்துப் புகைப்படம் எடுத்தோம். கணக்கு எளிது. சென்சார் அகலம் 25 மிமீ என்பதால், 25 மிமீ லென்ஸில் கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அகலம் ஃபிரேமில் அடங்கும். 50 மிமீ என்றால் அதில் பாதி. குளோசப்புக்கு 60 செமீ அகலம் போதும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் 25 மிமீக்கு 60 செமீ, 35-க்கு 84 செமீ, 50-க்கு 1.2 மீட்டர், 85-க்கு 2.04 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தூரத்தைக் கேமரா உடலில் சென்சார் இருக்கும் இடத்தைக் குறிக்கும் கோட்டிலிருந்து அளக்க வேண்டும், லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அல்ல. முதல் சுற்றில் பாதி அளவுகள் பிழையானது இதனால்தான்.

நான்கு படங்களையும் பக்கத்தில் வைத்தபோது எது என்ன செய்கிறது என்று தெரிந்தது. மூக்குநுனிக்கும் காதுக்கும் இடையே 12 செமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 செமீயிலிருந்து பார்க்கும்போது காது 72 செமீயில் இருக்கிறது. ஆகவே மூக்குப் பகுதி காதை ஒப்பிட 20 சதவீதம் பெரிதாகத் தெரியும். 2.04 மீட்டரிலிருந்து பார்த்தால் அந்த வேறுபாடு ஆறு சதவீதம் மட்டுமே. முகம் நம்மை நோக்கித் துருத்துவதும், பலகைபோல் தட்டையாவதும் இந்தத் தூரத்தால் வருபவை. லென்ஸ் செய்வதெல்லாம் அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டும்தான். "85 மிமீ முகத்தைத் தட்டையாக்கும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் தட்டையாக்குவது இரண்டு மீட்டர்.

பின்னணியில் மாற்றம் இன்னும் பெரிது. அதே அளவு முகத்துக்குப் பின்னால் 25 மிமீ லென்ஸ் 3.1 மீட்டர் சுவரைக் காட்டியது. 50 மிமீ 1.85 மீட்டர் காட்டியது. 85 மிமீ 1.33 மீட்டர்தான் காட்டியது. 90 செமீ கதவு முதல் படத்தில் ஃபிரேமில் 29 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. கடைசிப் படத்தில் அதே கதவு 67 சதவீதத்தை அடைத்து, அவள் தலைக்குப் பின்னால் பலகைபோல் வந்து நின்றது.

இதற்குப் பிறகு லென்ஸ் எண்ணைக் கொண்டு யோசிப்பதை நிறுத்திவிட்டோம். முதல் கேள்வி இதுவாகிவிட்டது: இந்த நொடியில் பார்ப்பவர் அவளிடமிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும்? மேசையில் கூட உட்கார்ந்திருப்பவரா, எழுந்து விலகி நிற்பவரா, மூச்சுப்படும் தூரத்தில் வந்தவரா? தூரம் முடிவானால், ஃபிரேமில் எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து லென்ஸ் தானாக வரும்.

முழுக் கதைக்கும் லென்ஸை இப்படி முன்கூட்டியே திட்டமிடுவது புதிதல்ல. 1957-ல் வந்த '12 ஆங்கிரி மென்' படத்தில் இயக்குநர் சிட்னி லூமெட்டும் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனும் கதை முன்னேற முன்னேற நீள லென்ஸ்களுக்குப் போய், கேமரா உயரத்தையும் கண்மட்டத்துக்கு மேலிருந்து கீழே இறக்கினார்கள். அறை சுருங்கியதுபோல் ஆனது. அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது, ஏற்றம் மெதுவாக நடக்கலாம். மூன்று நிமிடத்துக்குள் நடக்கும் காட்சியில் படிப்படியாக ஏற்ற இடம் கிடையாது. இங்கே ஒரு திருப்பத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் தெளிவான மாற்றம் என்று விதி வைத்துக்கொண்டோம்.

நிம்மதி: 35 மிமீ, அசைவில்லை

முதல் 45 விநாடி மேசையின் பக்கவாட்டிலிருந்து இருவரையும் சேர்த்து எடுத்த ஷாட். 2.6 மீட்டர் தூரம், ஃபிரேமில் 1.86 மீட்டர் அகலம், இருவரும் வசதியாக அடங்குகிறார்கள். டிராலி கிடையாது. அவர்களுக்கு இடையில் உள்ள மேசை முழுதாகத் தெரிய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம், ஏனென்றால் பின்னால் அதை ஃபிரேமிலிருந்து நீக்கிவிடப் போகிறோம்.

தம்பியின் தனி ஷாட்களுக்கு 50 மிமீ, 1.8 மீட்டர். காட்சி முழுக்க இது மாறாது. இது முதல் திட்டத்தில் இல்லாத முடிவு. அக்காவின் பக்கம் மாறுவது தெரிய வேண்டுமானால் தம்பியின் பக்கம் அளவுகோல்போல நிலையாக நிற்க வேண்டும்.

சந்தேகம்: 40 விநாடி டிராலி

இங்கேதான் அதிக நேரம் போனது, சொல்ல வேண்டியதும் இங்கேதான் அதிகம்.

50 மிமீ லென்ஸில், அக்காவின் முகத்திலிருந்து 2.4 மீட்டரில் தொடங்கி 1.2 மீட்டரில் நிற்க வேண்டும். ஃபிரேமின் அகலம் 1.2 மீட்டரிலிருந்து 60 செமீயாகக் குறையும், முகம் இரு மடங்காகும். முடியும் இடத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தம்பி உட்கார்ந்திருக்கும் தூரமும் 1.2 மீட்டர்தான். அறைக்கு வெளியாள்போல் தொடங்கும் கேமரா, தம்பியின் தோள் பக்கத்தில் வந்து உட்காருகிறது.

இதையே ஸூமில் செய்யலாமே என்று முயன்று பார்த்தோம். முகம் அதேபோல் இரு மடங்கானது. ஆனால் பின்சுவரும் இரு மடங்கானது. டிராலியில் அப்படி இல்லை. தொடக்கத்தில் சுவரில் 2.45 மீட்டர் தெரிகிறது, முடிவில் 1.85 மீட்டர். முகம் இரண்டு மடங்காகும்போது சுவர் 1.3 மடங்குதான் வளர்கிறது. அவள் அறையிலிருந்து பிரிந்து முன்னே வருவதுபோல் தெரிவது இந்த வேறுபாட்டால்தான். ஸூமில் அவளும் சுவரும் ஒன்றாகப் பெரிதாகிறார்கள். யாரோ தொலைவிலிருந்து கவனிக்கிறார்கள் என்ற உணர்வு வருகிறது. வேவு பார்க்கும் காட்சிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பிரச்சினை வேகம். 120 செமீயை 40 விநாடியில் கடக்க, விநாடிக்கு 3 செமீ என்று சீராகத் தள்ளினோம். பார்த்தால் கடைசிப் பத்து விநாடியில் கேமரா பாய்வதுபோல் இருந்தது. 2.4 மீட்டரில் 3 செமீ என்பது ஒன்றேகால் சதவீதம். 1.2 மீட்டரில் அதே 3 செமீ இரண்டரை சதவீதம். கண் உணர்வது சென்டிமீட்டரை அல்ல, முகம் எத்தனை பங்கு வளர்கிறது என்பதை. ஆகவே டிராலி போகப் போக மெதுவாக வேண்டும். தண்டவாளத்தில் நான்கு டேப் துண்டு ஒட்டினோம், பத்து விநாடிக்கு ஒன்று. தொடக்கத்திலிருந்து முதல் குறி 38 செமீ. அதிலிருந்து அடுத்தது 32, அடுத்தது 27, கடைசி 23. கூட்டினால் 120. டிராலி தள்ளியவர் கடிகாரம் பார்க்காமல் மனதுக்குள் எண்ணி, குறிக்குக் குறி சேர்ந்தார். மூன்றாவது டேக்கிலேயே வேகம் உறுத்தாமல் போனது.

எப்போது கிளம்புவது என்பதில் இரண்டு முறை தவறினோம். முதலில், தம்பி வீட்டுப் பேச்சை எடுக்கும் சொல்லில் டிராலி கிளம்பியது. கேமரா அவன் பேச்சைக் கோடிட்டுக் காட்டியதுபோல் ஆகிவிட்டது. பிறகு அவன் பேசுவதற்கு மூன்று விநாடி முன்னதாகக் கிளப்பினோம். ஏதோ கெட்டது வரப்போகிறது என்று பார்ப்பவருக்கு முன்னதாகவே தெரிந்துபோனது. அவளுக்குத் தெரியாதது நமக்கு எதற்குத் தெரிய வேண்டும்? சரியான இடம் மூன்றாவது முறை கிடைத்தது. தம்பி பேசி முடித்து, அக்கா தம்ளரைத் தூக்கிக்கொண்டே போய், வாய்க்குக் கொண்டுபோகாமல் நடுவில் நிறுத்துகிறாள். அந்தக் கை நின்றதும் டிராலி கிளம்ப வேண்டும். அவளுடைய அசைவு நிற்கும் இடத்தில் நம் அசைவு தொடங்குகிறது, இடையே ஒரு விநாடிகூட இல்லை. கேமரா இயக்குபவர் தள்ளுபவரின் தோளில் கைவைத்துச் சைகை கொடுத்தார். வாயால் சொன்னால் நடிகருக்குக் கேட்டுவிடும்.

கிளம்பும்போது வரும் குலுக்கலை மறைக்க ஒரு வழி: டிராலியைத் தொடக்கக் குறிக்கு ஐந்து செமீ பின்னால் நிறுத்தி, அங்கிருந்தே நகர விடுவது. அந்த ஐந்து செமீ வேகம் பிடிப்பதற்கு. அறை நீளம் இறுக்கமாக இருந்ததால் 2.4 மீட்டர் குறிக்குப் பின்னால் முன்சுவருக்கு 60 செமீதான் மிச்சம். கேமரா இயக்குபவரால் பின்னால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் நின்று தனி மானிட்டரைப் பார்த்து இயக்கினார்.

ஃபோகஸைப் பற்றி. லென்ஸின் திறப்பு டி2.8-ல் இருக்கும்போது 2.4 மீட்டரில் ஏறக்குறைய 32 செமீ ஆழம் கூர்மையாக இருக்கும். 1.2 மீட்டருக்கு வந்ததும் அது 8 செமீயாகச் சுருங்கிவிடும். தூரம் பாதியானால் ஆழம் கால்வாசியாகிறது. அவள் மூச்சு விட்டுச் சற்றே பின்னால் சாய்ந்தாலே கண் போய்விடும், அதுவும் காட்சியின் முக்கியமான கடைசி விநாடிகளில். முதல் சுற்றில் ஆறு டேக் இப்படிப் பாழாயின. இந்த முறை திறப்பைச் சுருக்கி டி4-க்குப் போனோம், ஆழம் 11 செமீக்குச் சற்று மேலானது. வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஏற்ற வேண்டியிருந்தது, ஆனால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் ஃபோகஸ் புல்லர் நிம்மதியாக மூச்சு விட்டார். புகைப்பட லென்ஸ் வைத்து இதைச் செய்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஃபோகஸ் வளையம் திரும்பும்போது சில லென்ஸ்களில் ஃபிரேமே கொஞ்சம் விரியும் அல்லது சுருங்கும். டிராலியை நிறுத்தி வைத்து, வளையத்தை மட்டும் 2.4-லிருந்து 1.2-க்குத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் உள்ள கதவுச் சட்டம் நகர்ந்தால் அந்த லென்ஸ் இந்த ஷாட்டுக்கு ஆகாது.

தனிமை: அதே முகம், தள்ளிப்போன நாம்

டிராலி நின்ற இரண்டாவது விநாடியில் தம்பி சொல்கிறான்: "கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா."

இந்த இடத்துக்கு முதலில் தோன்றியது இன்னும் நெருங்குவது. 50 மிமீ லென்ஸிலேயே 80 செமீ வரை போய் எடுத்துப் பார்த்தோம். கண்ணீர் தெரிந்தது, ஆனால் அவள் தனியாகத் தெரியவில்லை. நாம்தான் அவளருகே போய்த் தேற்றுவதுபோல் உட்கார்ந்துவிட்டோமே.

தேர்ந்தெடுத்தது இதற்கு எதிரானது. முக அளவு அப்படியே, ஃபிரேமில் 60 செமீ அகலம். கேமரா மட்டும் 1.2 மீட்டரிலிருந்து 2.04 மீட்டருக்கு, அதாவது மேசையைத் தாண்டித் தம்பியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. லென்ஸ் 85 மிமீ. உயரம் மாறவில்லை, அவள் உட்கார்ந்த கண்மட்டமான 118 செமீதான். அசைவு அறவே இல்லை, டிரைபாட்டின் எல்லாப் பூட்டும் இறுக்கியாயிற்று. முந்தைய ஷாட்டிலிருந்து வெட்டும்போது முகம் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. பின்னால் இருந்த கதவு மட்டும் ஃபிரேமில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்காகி, முகத்தை ஒட்டி வந்துவிட்டது. என்ன மாறியது என்று பார்ப்பவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் யாரோ அவளை விட்டு எழுந்துபோன உணர்வு வந்தது. ஒலி அணைத்த சோதனையில் இந்த முறை மூவருமே இந்த வெட்டைத்தான் காட்டினார்கள்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 85-க்கு மாறினால் கூர்மை ஆழம் குறைந்துவிடும் என்று நினைத்து டி-ஸ்டாப்பை மாற்றுவார்கள். முக அளவும் ஸ்டாப்பும் ஒன்றாக இருக்கும்வரை முகத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் இந்தத் தூரங்களில் ஏறக்குறைய ஒன்றேதான், 50-லும் 11 செமீ, 85-லும் 11 செமீ. பின்னணி அதிகம் கலங்கியதாகத் தெரிவது அந்தக் கலங்கல் பெரிதாக்கப்படுவதால். ஆகவே டி4-ஐத் தொடவில்லை. தொட்டிருந்தால் ஒரு திருப்பத்துக்கு ஒரு மாற்றம் என்ற விதி உடைந்திருக்கும்.

ஹேண்ட்ஹெல்டில் 85 மிமீ ஒரு டேக் எடுத்தோம், அதை எடுத்திருக்கவே வேண்டாம். ஒரே அளவு கைநடுக்கம் 35 மிமீ லென்ஸில் தெரிவதைவிட 85-ல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகத் தெரியும். மூச்சுபோல் இருக்க வேண்டியது நடுக்கமாகிவிடுகிறது. உறைந்துபோன பெண்ணுக்கு நடுங்கும் ஃபிரேம் பொய்.

பார்வைக்கோட்டையும் இங்கேதான் நகர்த்தினோம், அது ஒன்றுதான் விதிவிலக்கு. டிராலி ஷாட்டில் அவள் பார்வை லென்ஸிலிருந்து தெளிவாக விலகித் தம்பியின் முகத்தில் இருந்தது. 85-ல் தம்பியின் நாற்காலியைச் சற்று நகர்த்தி, அவள் பார்வை லென்ஸுக்கு மிக அருகில் விழும்படி செய்தோம். தூரம் கூடியதால் இழந்த நெருக்கத்தில் ஒரு பங்கு கண்களில் திரும்பக் கிடைத்தது.

முடிவு: இப்போது அவள் வருகிறாள்

50 விநாடி அசையாமல் இருந்த பிறகு அவள் எழுகிறாள். முன்சுவரில், கேமராவுக்குப் பக்கத்தில், வீட்டுச் சாவி ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்க வருகிறாள்.

முதல் திட்டத்தில் இங்கே டிராலி அவளை நெருங்கியது. அதுதான் அடிப்படைப் பிழை. கேமரா ஒருவரை நோக்கிப் போனால் அவருக்கு ஏதோ நேர்கிறது என்று பொருள்படும். சந்தேகத்துக்கு அது பொருந்தும். முடிவெடுப்பவரை நோக்கிக் கேமரா போகக்கூடாது, அவர்தான் வர வேண்டும். ஆகவே கேமராவை நிறுத்திவிட்டு, நகர்வை நடிகரிடம் கொடுத்தோம்.

இதற்கு 25 மிமீ. கேமரா அவள் நாற்காலியிலிருந்து 2.6 மீட்டரில். ஃபிரேமின் அகலமும் 2.6 மீட்டர், தம்பியின் முதுகு ஓரத்தில் தெரிகிறது, மேசை திரும்பி வந்துவிட்டது. அவள் மேசையைச் சுற்றி வந்து 70 செமீயில் நிற்கிறாள். மூன்று நான்கு எட்டில் அவள் உருவம் 3.7 மடங்கு வளர்கிறது. இதையே 50 மிமீ லென்ஸில் அதே தொடக்க ஃபிரேமுடன் எடுக்க 5.2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அறையில் இடமில்லை. இடம் இருந்தாலும் அதே நடையில் உருவம் 1.6 மடங்குதான் வளரும். நடந்து வருபவருக்கு வலிமை வேண்டுமென்றால் அகல லென்ஸும் குறைந்த தூரமும் வேண்டும்.

உயரத்தில் ஒரு தவறு. முதல் மூன்று டேக்கில் கேமரா 118 செமீயிலேயே இருந்தது. நின்ற நிலையில் அவள் கண் 152 செமீ. 70 செமீ தூரத்தில் 34 செமீ மேலே பார்க்க, கேமராவை 26 பாகை நிமிர்த்த வேண்டியிருந்தது. தாடை பெரிதாகி, அவள் யாரையோ அடிக்க வருபவள்போல் தெரிந்தாள். கேமராவை 140 செமீக்கு ஏற்றியதும் சாய்வு 10 பாகைக்குள் வந்துவிட்டது. உட்கார்ந்திருக்கும்போது ஐந்து பாகை மேலிருந்து பார்ப்பதாக ஆகிறது, அது உறுத்தவில்லை. எழுந்து வரும்போது அவள் கேமராவின் பார்வையைத் தாண்டி மேலே போகிறாள், அதுவே போதும்.

அகல லென்ஸில் இவ்வளவு நெருங்கினால் நிழல் விழும். சென்சார் கோட்டிலிருந்து 70 செமீ என்றால், லென்ஸும், அதன் முன் மாட்டும் வெளிச்சத்தடுப்புப் பெட்டியான மேட் பாக்ஸும் போக முன்கண்ணாடிக்கும் முகத்துக்கும் இடையே அரை மீட்டர்கூட இருக்காது. முன்பக்க விளக்கு கேமராவின் நிழலை அவள் கழுத்தில் போட்டது. அந்த விளக்கை அணைத்துவிட்டு, சாவி தொங்கும் பக்கத்திலிருந்து மென்மையான விளக்கு ஒன்றை வைத்தோம். அவள் வெளிச்சத்தை நோக்கி வருவதுபோலும் அமைந்தது. நிற்க வேண்டிய குறியைத் தரையில் டேப்பால் ஒட்டினால் அவள் குனிந்து பார்க்கிறாள் என்பதால், கால் தட்டுப்படும்படி மணல் நிரப்பிய சிறு பையை வைத்தோம். 70 செமீயில் டி4-ல் கூர்மை ஆழம் 16 செமீ உண்டு. ஓரிரு செமீ முன்னே பின்னே நின்றாலும் தப்பிக்கும்.

நின்று, சாவியைப் பார்த்து, கையை லென்ஸின் பக்கமாக நீட்டுகிறாள். "சாவி என்கிட்ட இருக்கட்டும்டா." திரும்பிப் பார்க்காமல் சொல்கிறாள். அந்த வசனத்துக்குத் தம்பியின் முகத்துக்கு வெட்டுவதாக இருந்தோம், வெட்டவில்லை. ஓரத்தில் கலங்கலாகத் தெரியும் அவன் முதுகே போதுமாக இருந்தது.

கணக்கும் அடுத்த முறை மாற்ற வேண்டியதும்

இரண்டாம் சுற்றில் கேமராவை ஆறு முறைதான் இடம் மாற்றினோம், ஐந்தரை மணி நேரத்தில் முடிந்தது. அதில் தண்டவாளம் போட்டு மட்டம் பார்க்க 40 நிமிடம். மிச்சப்பட்ட நேரம் முழுக்க அந்த டிராலி ஷாட்டின் ஒத்திகைக்குப் போனது. படத்தொகுப்பில் டிராலி ஷாட்டின் நடுவே தம்பியின் முகத்துக்கு ஒரே ஒரு முறை வெட்டினோம். முதலில் மூன்று முறை வெட்டியபோது நகர்வு துண்டுபட்டு, ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் குளோசப்பாகிவிட்டது. ஒரு நகர்வு உணரப்படக் குறைந்தது எட்டுப் பத்து விநாடி தொடர்ந்து திரையில் இருக்க வேண்டும் என்பது இந்தக் காட்சியில் தெரிந்தது.

அடுத்த முறை பின்சுவரைத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கும் சுவருக்கும் இடையே 2.5 மீட்டருக்குப் பதில் 4 மீட்டர் இருந்திருந்தால், 50-லிருந்து 85-க்கு வெட்டும்போது கதவின் வளர்ச்சி இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். மேசையை முன்சுவர்ப் பக்கம் நகர்த்தவும் முடியாது, கேமராவுக்கு இடம் போய்விடும். இந்தக் காட்சிக்கு அறையைப் பார்க்கப் போகும்போது நாற்காலிக்குப் பின்னால் 4 மீட்டர், முன்னால் 3 மீட்டர் என்று டேப்பை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்று, முதல் 45 விநாடியின் 35 மிமீ ஷாட்டைப் பக்கவாட்டிலிருந்து அல்லாமல் கடைசி 25 மிமீ ஷாட்டின் அதே இடத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். தொடங்கிய இடத்துக்கே கேமரா திரும்பி வந்து, அவள் மட்டும் வேறு இடத்தில் நிற்பாள். அதற்கு இருவரும் மேசையில் எப்படி உட்காருகிறார்கள் என்பதை மாற்ற வேண்டும். நாற்காலிகளை வைத்து வரைபடம் போட்டுவிட்டோம், தண்டவாளம் போடும் இடத்தில் தம்பியின் கால் குறுக்கே வருகிறது. அது இன்னும் தீரவில்லை.